"பார்ப்போம்" என்பவருக்காக எத்தனை சனிக்கிழமையை ஒதுக்கி வைப்பது?

லிந்துலை டீச்சர்

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். நான் கல்யாணம் செய்யப்போகிறவர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. கல்யாண விருந்து, பார்ட்டி நடக்கும் மண்டபப் பக்கம் ஸ்டூவர்ட். இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரியும். இன்னும் பரிசம் போடவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறையும் தலவாக்கலை பஸ் நிலையத்தில் அவரை ஏற்றிவிடும்போது "அடுத்தது எப்ப வருவீங்க?" என்று கேட்பேன். "பார்ப்போம்" என்பார். இல்லையென்றால் "ரோஸ்டர் வரட்டும்". அப்புறம் வட்சப்பில் கேட்டாலும் அதே பதில்தான். வரமாட்டேன் என்றும் சொல்வதில்லை, வருகிறேன் என்றும் சொல்வதில்லை. திடீரென்று வெள்ளி இரவு பத்து மணிக்கு "நாளைக்கு வாறேன்" என்று ஒரு மெசேஜ் வரும். சில வெள்ளிக்கிழமைகளில் வராது.

சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் இருக்கும் பிள்ளைகள் குறுக்குப் பாதையில் நடந்துதான் இறங்கி வரவேண்டும். வகுப்பு இருக்கா இல்லையா என்று வெள்ளி ராத்திரி வரைக்கும் என்னாலேயே சொல்ல முடிவதில்லை. போன வாரம் ஒரு தாய் நேரிலேயே கேட்டுவிட்டார், "டீச்சர், கொழுந்துக்குப் போற நாங்க பிள்ளையை எத்தனை மணிக்கு எழுப்புறதுனு யாரைக் கேக்கிறது?" என்று. என்னிடம் பதில் இல்லை.

வந்துவிட்டால் அவர் நல்ல மனிதர்தான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவரை நெருக்குவது போலவும் இருக்கக்கூடாது, நானும் என் நாட்களை வைத்துத் திட்டம் போடவேண்டும். இதை எப்படிக் கேட்பது?

கொட்டகலை குமார்

இது படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் டீச்சர். நெருக்கம் கூடினால் விலகிப் போகிற குணம். 1987-இல் ஹசான், ஷேவர் என்று இரண்டு பேர் காதலிக்கிறவர்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார்கள். ஒட்டிக்கொண்டு பதறுகிறவர்கள், நிம்மதியாக இருப்பவர்கள், நெருங்கினால் ஒதுங்குகிறவர்கள். உங்கள் ஆள் மூன்றாவது வகை. இப்படிப்பட்டவர்களிடம் தேதி கேட்கக் கேட்க இன்னும் ஒதுங்குவார்கள். கொஞ்ச நாள் நீங்களே மெசேஜ் போடாமல் இருங்கள். தானாகத் தேடி வருவார்.

மஸ்கெலியா மாமா

மகள், இதில் யோசிக்க என்ன இருக்கு? பரிசம் போடாமல் இழுத்தடிக்கிறான். பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். ஆவணியில் நாள் இருக்கு. தாலி ஏறிவிட்டால் எப்ப வருவான் என்ற கேள்வியே வராது.

லிந்துலை டீச்சர்

மாமா, கல்யாணத்தை அவர் இழுக்கவில்லை. அவருடைய அக்காவின் கடன் தீர்ந்ததும் செய்வது என்று இரண்டு வீடும் பேசித்தான் வைத்திருக்கிறது. என் கேள்வி அடுத்த சனிக்கிழமை பற்றியது. கல்யாணம் முடிந்தாலும் அவர் கொழும்பில்தான் வேலை செய்வார், நான் இங்கேதான் படிப்பிப்பேன். இதே கேள்வி அப்போதும் இருக்கும்.

குமார் அண்ணா, மெசேஜ் போடாமல் இருந்து பார்த்திருக்கிறேன். அவரும் போடாமல் இருந்தார். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி வெள்ளி இரவு "நாளைக்கு வாறேன்".

ரோஸ்டர் ராசா

நான் ஹட்டன் பக்கம். கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்துவிட்டு இப்போது நுவரெலியாவில் இருக்கிறேன். ரோஸ்டர் போட்டும் இருக்கிறேன், ரோஸ்டருக்காக அழுதும் இருக்கிறேன். அதனால் டீச்சரிடம் சில கேள்விகள்.

அவருடைய ரோஸ்டர் என்றைக்கு ஒட்டுகிறார்கள்? பெரும்பாலான இடங்களில் வாரத்துக்கு ஒரு தடவைதான். வெள்ளி அல்லது சனியில் ஒட்டினால் திங்களிலிருந்து அமுலுக்கு வரும். அதற்கு முன்னால் ஓஃப் கேட்டு எழுத ஒரு புத்தகமோ தாளோ இருக்கும். அதில் எழுத ஒரு கடைசி நாளும் இருக்கும், புதனோ வியாழனோ. எழுதாவிட்டால் சூப்பர்வைசர் தன் வசதிக்கு எங்காவது போட்டுவிடுவார். கல்யாண மண்டபப் பக்கம் என்றால் அது நிச்சயம் செவ்வாய், புதன்தான். சனி ஞாயிறில் யாராவது ஓஃப் கேட்டால் சிரிப்பார்கள்.

அதனால் "ரோஸ்டர் வரட்டும்" என்று அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் பாதிதான். ரோஸ்டர் தானாக வரும் மழை இல்லை, அதில் எழுதிக் கேட்கிற இடம் அவருக்கும் இருக்கு. எழுதுகிறாரா என்பதுதான் கேள்வி. கேட்டுப் பார்த்தீர்களா?

லிந்துலை டீச்சர்

புத்தகம் இருக்கு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ரோஸ்டர் சனிக்கிழமை மாலையில் வருகிறது என்று ஒரு தடவை சொன்னது ஞாபகம். அப்படியென்றால் வெள்ளி இரவு "நாளைக்கு வாறேன்" என்று சொல்கிற நாள் அவருக்கு ஆறு நாளைக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும் இல்லையா? இதை யோசித்த பிறகு கொஞ்சம் கோபம் வருகிறது.

ரோஸ்டர் ராசா

அவசரப்படாதீர்கள். சனிக்கிழமை ஓஃப் என்று தாளில் இருந்தாலும் மண்டபப் பக்கத்தில் அது வெள்ளி வரைக்கும் உறுதி இல்லை. இருநூறு பேருக்கு என்று புக் பண்ணிய விருந்துக்கு வியாழக்கிழமை போன் பண்ணி முந்நூறு என்பார்கள். உடனே "ஓஃப் கட்". அதற்குப் பதில் வேறொரு நாள் தருவார்கள். அடிக்கடி இப்படி வெட்டுப்பட்டவன் கடைசி நேரம் வரைக்கும் வாய் திறக்கமாட்டான். நானும் அப்படித்தான் இருந்தேன். சொல்லிவிட்டுப் போகாமல் விட்டால் வீட்டில் நடக்கிற கூத்தைவிட, சொல்லாமல் திடீரென்று போய் நிற்பது லாபம். எல்லாருக்கும் சந்தோஷம், யாரும் திட்டவும் மாட்டார்கள்.

அந்த லாபத்துக்கான செலவு எங்கே விழுந்தது என்று அப்போது நான் பார்த்ததில்லை. உங்கள் மேல் கணக்குப் பிள்ளைகளின் தாய்மார் மேல் விழுந்திருக்கு.

பொகவந்தலாவை மணி

நானும் ஒன்று சொல்லவேண்டும். என் மனைவி சவூதியில் ஒரு வீட்டில் வேலை. ஒப்பந்தம் இரண்டு வருடம். முடிந்து பல மாதம் ஆகிறது. எப்ப வருவாய் என்று கேட்டால் அவளும் "பார்ப்போம்" என்றுதான் சொல்கிறாள். மகள் பெரியபிள்ளையாகி, சடங்கை அம்மா வந்துதான் செய்யவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். மண்டபத்துக்கும் சொல்ல முடியவில்லை, சொந்தக்காரருக்கும் சொல்ல முடியவில்லை.

2021-இல் அந்த நாட்டில் சட்டத்தை மாற்றி, வேலைக்காரர்கள் முதலாளியைக் கேட்காமல் நாட்டைவிட்டு வெளியேறலாம் என்றார்கள். வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அவளுக்கு அந்த வீட்டு மேடம் மனம் வைத்தால்தான் பயணம். அதனால் நான் அவளைக் குறை சொல்வதில்லை. டீச்சரும் கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்பது என் எண்ணம். வேலைக்காரன் கையில் ஒன்றும் இல்லை.

பண்டாரவளை அக்கா

மணி தம்பி, உங்கள் நிலைமை கஷ்டமானது. ஆனால் ஒன்று கேட்கிறேன். "பார்ப்போம்" என்பதோடு உங்கள் மனைவி நிறுத்திக்கொள்கிறாரா, வேறு ஏதாவதும் சொல்கிறாரா?

பொகவந்தலாவை மணி

நோன்புப் பெருநாள் முடிந்ததும் மேடத்திடம் கேட்பேன் என்றாள். கேட்டாள். புது ஆள் வந்ததும் அனுப்புகிறேன் என்று சொன்னார்களாம். புது ஆளுக்கு விசா அடித்தாகிவிட்டது என்று போன வாரம் குரல் மெசேஜ் போட்டாள். என்ன நடந்தாலும் சொல்லிவிடுவாள்.

பண்டாரவளை அக்கா

அதைத்தான் எதிர்பார்த்தேன். வருகிற தேதி அவர் கையில் இல்லை. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறார், அது எந்த அளவில் இருக்கு, அடுத்த செய்தி எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும். புது ஆள் வந்து இறங்கினால் மண்டபத்துக்குப் பேசலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தேதி இல்லாமலே உங்களால் திட்டம் போட முடிகிறது.

டீச்சருக்கு இதில் ஒன்றுமே இல்லை. அவர் ஆளுக்கு மணியின் மனைவியைவிட ஆயிரம் மடங்கு சுதந்திரம், ஆனால் கிடைக்கிற தகவல் அதைவிடக் குறைவு. நான் குடும்பப் பிரச்சினைகள் வந்து சேரும் ஒரு இடத்தில் பல வருடம் வேலை செய்தவள். வெளியூர் வேலைக்குப் போனவர் வீட்டிலிருந்து வரும் புகாரில் பாதி இதுதான். கேள்வியை மாற்றச் சொல்வேன். "எப்ப வருவீங்க?" என்று கேட்டால் "தெரியாது" என்பது நியாயமான பதில். "எப்ப தெரியும்?" என்று கேளுங்கள். அதற்குத் தெரியாது என்று சொல்வது கஷ்டம். ரோஸ்டர் சனி மாலை என்றால் சனி இரவு தெரியும். ஓஃப் வெட்டுவது வியாழன் வரைக்கும் நடக்கும் என்றால் வியாழன் இரவு தெரியும். வரும் நாள் ஹோட்டலின் கையில் இருக்கலாம். அதைச் சொல்லும் நாள் அவர் கையில்தான் இருக்கு.

குமார் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொன்ன ஆய்வு உண்மைதான். ஆனால் அது ஆட்களிடம் அவரவர் மனசைப் பற்றிக் கேட்டு எழுதியது. தேதி சொல்லாத ஒருவரை தூரத்திலிருந்து பார்த்து மூன்றாவது வகை என்று முத்திரை குத்த அதை எடுக்கக்கூடாது. அப்படிப்பட்ட குணமா என்று பார்க்கவேண்டுமென்றால் ஒன்றைக் கவனிக்கலாம். ரோஸ்டர் கையில் வந்த பிறகும், எல்லாம் நிச்சயமான பிறகும், சொல்லத் தயங்குகிறாரா? மற்றவர்களிடமும் இப்படித்தானா?

கொட்டகலை குமார்

நான் முத்திரை குத்தவில்லை அக்கா, ஒரு சாத்தியத்தைச் சொன்னேன். ஆனால் டீச்சரே சொல்லிவிட்டாரே, ஆறு நாளைக்கு முன்பே தெரியும் என்று. தெரிந்தும் சொல்லாதது என்ன குணம்?

லிந்துலை டீச்சர்

அக்கா கேட்ட இரண்டாவது கேள்வி என்னைக் குத்திவிட்டது. அவர் அம்மாவிடமும் தேதி சொல்வதில்லை. திடீரென்று லயத்து வாசலில் வந்து நிற்பாராம். அது எனக்கு ஆறுதலாக இருந்தது, நான் மட்டும் இல்லை என்று.

ஆனால் அடுத்த மாதம் பண்டாரவளையில் அவருடைய கூட்டாளியின் கல்யாணம். அதற்கு இப்போதே ஓஃப் எழுதி வாங்கிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை! மண்டபப் பக்கத்தில் சிரிப்பார்கள் என்று ராசா அண்ணா சொன்ன அதே ஞாயிறு. கூட்டாளிக்குக் கிடைக்கிற நாள் எனக்கு ஏன் கிடைப்பதில்லை?

லயத்துப் பறவை

டீச்சர், இவ்வளவும் தெரிந்த பிறகு என்ன ஆலோசனை வேண்டிக்கிடக்கு? பிளொக் பண்ணிவிட்டு வகுப்பை எடுங்க. ஆளுக்கு நீங்க ஓய்வு நேரத்துச் சங்கதி. கூட்டாளிக்கு ஞாயிறு, உங்களுக்கு மிச்சம் மீதி.

ரோஸ்டர் ராசா

பறவை, கொஞ்சம் பொறு. நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன்.

கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வந்திருக்கும். அதில் தேதி, முகூர்த்தம், மண்டபம் எல்லாம் அச்சடித்து இருக்கும். அந்தத் தாளை சூப்பர்வைசரிடம் காட்டினால் அவரும் மறுக்கமாட்டார். எங்கள் வேலையில் கல்யாணம், சாவு, திருவிழா மூன்றுக்கும்தான் மரியாதை. புத்தகத்தில் எழுத ஒரு நாள் வேண்டும். கூட்டாளி ஒரு நாளைக் கொடுத்தான். அவன் எழுதினான்.

டீச்சர் என்ன கொடுத்தார்? "எப்ப வருவீங்க?" அதை வைத்து எந்தக் கட்டத்தில் எழுதுவது? நாளைத் தேடி எடுப்பதும் அவன், கேட்பதும் அவன், கிடைக்காவிட்டால் பழி ஏற்பதும் அவன். சோம்பேறி ஆண்பிள்ளை அதைத் தள்ளித்தான் போடுவான். நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பு அப்படி.

அதனால் நீங்களே ஒரு நாளைச் சொல்லுங்கள். அதுவும் கிடைக்கக்கூடிய நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். சனிக்கிழமையை விடுங்கள். போயா நாளைப் பிடியுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். போயாவில் நாடு முழுக்க மது விற்பனை கிடையாது, ஹோட்டல் பார் மூடியிருக்கும். கிளாஸ் தூக்காத கல்யாண விருந்தை நம்மவர்களும் வைப்பது குறைவு, மற்றவர்களும் குறைவு. அதனால் மண்டபம் அன்றைக்குப் பெரும்பாலும் காலி. ஸ்டூவர்ட்களுக்கு ஓஃப் கொடுக்க சூப்பர்வைசரே ஆள் தேடுவார். உங்களுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. கலண்டரில் வருடம் முழுவதற்கும் அச்சடித்தே இருக்கு, யாரும் ரோஸ்டருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இருவருக்கும் பொதுவாகக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். போயா வெள்ளியிலோ திங்களிலோ வந்து நீண்ட வார இறுதியானால் ரூமெல்லாம் நிறையும், காலைச் சாப்பாட்டுக்கு மண்டப ஆட்களையும் இழுத்துப் போடுவார்கள். வார நடுவில் வரும் போயாதான் தங்கம். முதல் நாள் இரவு வேலை முடித்து பெஸ்டியன் மாவத்தையில் பஸ் ஏறினால் விடியும்போது தலவாக்கலை.

மஸ்கெலியா மாமா

எசல மாதத்தில் கண்டிப் பக்கம் வரவே முடியாது, பெரஹரா சனம். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ரோஸ்டர் ராசா

மாமா, ஹட்டன் பஸ் கண்டிக்கே போகாது. அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக வரும்.

லிந்துலை டீச்சர்

போயாவில் பார் மூடியிருக்கும் என்று தெரியும். அதை அவருடைய வேலையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. சரி, என்ன எழுதுவது? நான் எழுதினால் நீளமாகிவிடும், பழைய கதை எல்லாம் வந்துவிடும்.

பண்டாரவளை அக்கா

பழைய கதை வேண்டாம். ஒரு நாள், சொல்லவேண்டிய கெடு, சொல்லாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது. இவ்வளவும் நாலு வரியில் அடங்கும். இப்படி எழுதலாம்:

"வாற மாதப் போயா புதன்கிழமை. எனக்கு ஸ்கூல் இல்லை. அன்றைக்கு ஓஃப் கேட்டு எழுதுவீங்களா? ரோஸ்டர் ஒட்டுற சனிக்கிழமை ராத்திரி கிடைச்சுதா இல்லையானு மட்டும் சொல்லுங்க. இல்லைனாலும் பரவாயில்லை, அன்றைக்கு நான் அக்கா வீட்டுக்கு பதுளைக்குப் போவேன். சனிக்கிழமை வகுப்பை இனி நிப்பாட்டப் போறதில்லை, அதனால் சனியில் வந்தா பதினொரு மணிக்குப் பிறகு வாங்க."

கடைசி வரிதான் முக்கியம். வகுப்புக்கு அவரிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறீர்கள்.

கொட்டகலை குமார்

இது மிரட்டல் மாதிரி இருக்கு அக்கா. சொல்லாவிட்டால் பதுளைக்குப் போவேன் என்றால் அவர் என்ன நினைப்பார்?

பண்டாரவளை அக்கா

பதுளைக்குப் போவது பொய்யாக இருந்தால் மிரட்டல். நிஜமாகவே அக்கா வீட்டுக்குப் போக ஆசை இருந்து, போகவும் போனால் அது திட்டம். வித்தியாசம் டீச்சரின் நடத்தையில்தான் தெரியும். சனி இரவு பதில் வராமல், செவ்வாய் இரவு பத்து மணிக்கு "நாளைக்கு வாறேன்" என்று மெசேஜ் வரும். பெரும்பாலும் வரும். அப்போது பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தால் இந்த நாலு வரியும் வீண். கெடு என்பது சும்மா என்று அவருக்குப் புரிந்துவிடும். சண்டை போடாமல் "நான் பதுளையில் இருக்கேன், அடுத்த போயாவுக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். இது சொல்ல எளிது. வந்து நிற்கும் ஆளைப் பார்க்காமல் பஸ் ஏற மனசு கேட்காது. அதையும் தெரிந்துதான் சொல்கிறேன்.

இன்னொன்று. எப்போதாவது வருகிறார், எப்போது என்று தெரியாது என்னும்போது மனசு இன்னும் அதிகமாகக் காத்திருக்கும். ஒழுங்காக வருகிறவருக்காக யாரும் வெள்ளி இரவு போனைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. அந்தக் காத்திருப்பின் அளவை வைத்து அன்பின் அளவைக் கணக்குப் போடாதீர்கள்.

லயத்துப் பறவை

கடைசியில் சொன்னது சரி. மற்றதெல்லாம் ஒரு ஆளுக்காக இவ்வளவு உழைப்பா என்றுதான் தோன்றுகிறது. ரோஸ்டர் பார்த்து, போயா பார்த்து, வரி எண்ணி மெசேஜ் எழுதி. அவர் ஒரு நாளாவது டீச்சர் பள்ளிக்கூட நேரசூசியைக் கேட்டிருப்பாரா?

ரோஸ்டர் ராசா

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பணத்தையும் யோசியுங்கள். ஹோட்டலில் அடிப்படைச் சம்பளம் சின்னது. கையில் நிற்பது சேர்விஸ் சார்ஜ்தான். அது மாதத்துக்கு மாதம் மாறும், சனம் குறைந்த மாதத்தில் பாதியாகிவிடும். அது வருவதற்கு முந்தின வாரத்தில் ஊருக்குப் போவது என்றால் கூச்சம். பஸ் காசு பெரிதில்லை, வெறும் கையோடு போய் நிற்க முடியாது. அம்மாவுக்கு, அக்கா பிள்ளைகளுக்கு, உங்களுக்கு. காசு இல்லை என்று சொல்ல வாய் வராது, "ரோஸ்டர் வரட்டும்" என்பது வாய்க்கு லேசு. அக்கா கடன் வேறு இருக்கு என்றீர்கள். அவர் வந்த நாட்களையும் சேர்விஸ் சார்ஜ் கிடைக்கும் நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லிந்துலை டீச்சர்

வட்சப்பைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். அவர் வந்ததெல்லாம் மாதத்தின் பின்பாதியில்தான். எல்லாம் இல்லை, ஆனால் பெரும்பாலும். வரும்போது கையில் ஒரு கேக் பெட்டி இருக்கும், அம்மாவுக்குத் தனியாக ஒன்று. வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான் அப்படி இணைத்துப் பார்க்கவில்லை. காசைப் பற்றிக் கேட்டால் அவர் முகம் மாறிவிடும், அதனால் கேட்பதே இல்லை.

பண்டாரவளை அக்கா

அப்படியென்றால் மெசேஜில் ஒரு வரி சேருங்கள். "வெறும் கையோட வாங்க, அம்மா புட்டு அவிக்கிறாங்க." காசைப் பற்றிக் கேட்கவேண்டாம்.

லிந்துலை டீச்சர்

கொஞ்ச நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். தவணைப் பரீட்சைத் தாள் திருத்தினேன்.

அக்கா எழுதித் தந்ததைக் கொஞ்சம் மாற்றி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் இல்லை. மறுநாள் மதியம் "எழுதிட்டேன்" என்று ஒரே வார்த்தை. கூடவே அந்தப் புத்தகத்தின் படம். கட்டத்தில் அவர் கையெழுத்து, பக்கத்தில் வேறு யாரோ சிங்களத்தில் எழுதி வெட்டியிருந்தார்கள். சனி இரவு எட்டு மணிக்கு "ஓஃப் கிடைச்சிட்டு. பஸ் கிடைச்சா விடிய வந்துடுவேன்". நானாகக் கேட்கவில்லை.

போயாவுக்கு வந்தார். கேக் பெட்டி இல்லை. அம்மா எதிர்பார்த்தார் போல, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. புட்டு சாப்பிட்டுவிட்டு மேல் கணக்கு வரைக்கும் நடந்தோம். வகுப்பு பற்றிச் சொன்னேன். அந்தத் தாய் கேட்டதையும் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதே" என்றார். உண்மைதான், நான் சொன்னதில்லை.

ஆனால் பஸ் நிலையத்தில் திரும்பவும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டோம். அடுத்த போயாவும் எழுதுவீங்களா என்றேன். "அது நீளமான வார இறுதியா வருது, பார்ப்போம்." டிசம்பர் லீவைப் பற்றிக் கேட்டேன், அது ஹோட்டலில் உச்ச சீசன் என்பது எனக்கும் தெரியும். அதற்கும் "பார்ப்போம்". எப்ப தெரியும் என்று கேட்டேன். சிரித்தார், பஸ் எடுத்துவிட்டது.

கொட்டகலை குமார்

நான் சொன்னது இதுதான். ஒரு தடவை நெருங்கினார், உடனே விலகுகிறார்.

ரோஸ்டர் ராசா

இல்லை குமார். நீண்ட வார இறுதி என்று காரணம் சொல்லியிருக்கிறார், காரணம் சரியானது. நானும் அதையே எழுதினேன். டிசம்பரில் இருபதுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில் மண்டப ஆளுக்கு ஓஃப் கேட்பதே வேலையை விடுகிற மாதிரி. டீச்சர், டிசம்பரை விட்டுவிட்டு ஜனவரியில் பொங்கல் முடிந்த வாரத்தைச் சொல்லுங்கள். தைப்பொங்கலுக்குத் தமிழ் பையன்கள் எல்லாரும் எழுதுவார்கள், கிடைக்காது. அதற்கு அடுத்த வாரம் கிடைக்கும்.

லயத்துப் பறவை

"எப்ப தெரியும்" என்பதற்குச் சிரித்தது என்ன கணக்கு? அதற்கு ரோஸ்டரும் இல்லை, சீசனும் இல்லை.

பண்டாரவளை அக்கா

பறவை கேட்டது சரியான கேள்வி. அதை நான் ஒதுக்கவில்லை. ஒரு போயாவை வைத்து நல்லவர் என்றும் சொல்லமாட்டேன், ஒரு சிரிப்பை வைத்துக் கெட்டவர் என்றும் சொல்லமாட்டேன். இன்னும் இரண்டு மூன்று மாதம் இதே மாதிரி நாள் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். டீச்சர் கேட்காமலே அவர் ஒரு நாளைச் சொல்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் கேட்டால்தான் எழுதுகிறார் என்றால், கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலை உங்களுடையதுதான். அது ஒத்துவருமா என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும். சிலருக்கு ஒத்துவருகிறது.

லிந்துலை டீச்சர்

பொங்கலுக்கு அடுத்த வாரம், சரி. எழுதி அனுப்புகிறேன்.

சனிக்கிழமை வகுப்பை எட்டரை மணி என்று தாள் ஒட்டிவிட்டேன், தவணை முடியும் வரைக்கும் மாற்றம் இல்லை என்று கீழே எழுதி. பெற்றோர் வட்சப் குழுவிலும் போட்டாயிற்று. போன வெள்ளி இரவு அவர் "நாளைக்கு ஓஃப், வரவா?" என்று கேட்டார். பதினொரு மணிக்குப் பிறகு வாங்க என்றேன். வந்து மண்டபத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்து ஒருவரும் கணக்குச் செய்யவில்லை.

பொகவந்தலாவை மணி

டீச்சர், சந்தோஷம். என் மனைவிக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். ஹட்டனில் மண்டபம் கிடைப்பது கஷ்டமாக இருக்கு. நாற்பது ஐம்பது பேருக்கு யாருக்காவது நல்ல இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.